‘நான் ஏமாற்றவில்லை’ என்று எழுதினால் போதுமா?

“ஐயா, நான் ஆறு வருஷமாக இந்த ஆட்டத்தை ஆடுகிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து. ஒருநாள்கூட ஹேக் போட்டதில்லை. எங்கம்மா மேல் சத்தியம். தயவுசெய்து என் அக்கவுண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன்.”

என் அக்கா மகன் எழுதிய முதல் வரைவு இது. நாலைந்து வரிக்குள் கெஞ்சல், சத்தியம், மிரட்டல் மூன்றும் வந்துவிட்டன. படித்தால் நமக்கு மனம் இளகும். ஆனால், அதில் அவனுடைய பயனர் பெயர் இல்லை. தடை எந்தத் தேதியில் விழுந்தது, திரையில் என்ன காரணம் வந்தது, அன்று அவன் கணினியில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன என்று ஒன்றுமே இல்லை. இதைப் பெறுகிறவர் நல்ல மனிதராகவே இருந்தாலும் இதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை.

பையன் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கணினியில் ஐந்து ஐந்து பேராக அணி சேர்ந்து சுடும் ஆட்டம் ஒன்று, பெயர் வேண்டாம். ஒரு திங்கட்கிழமை மாலை ஹாஸ்டலில் மெஸ் மணி அடிப்பதற்கு முன் ஒரு ஆட்டம் ஆடிவிடலாம் என்று திறந்திருக்கிறான். அனுமதியில்லாத வெளி மென்பொருளைப் பயன்படுத்தியதால் கணக்கு நிரந்தரமாக நிறுத்தப்பட்டது என்று ஒரு சிவப்புப் பெட்டி. அவ்வளவுதான். படிப்படியாக ஏறிய தரநிலை, கைச்செலவுக் காசில் வாங்கிய துப்பாக்கி ஸ்கின்கள், பத்தாம் வகுப்பு முடிந்து சிதறிப்போன நண்பர்களின் பட்டியல் எல்லாம் அந்தப் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டன. ‘போனால் போகட்டும், இனி படிக்கலாமே’ என்றார் அவன் அப்பா. அது வேறு விவாதம். செய்யாத தப்புக்குத் தண்டனை வாங்கியவனிடம் பேசவேண்டிய பேச்சு அது அல்ல.

அவன் உண்மையிலேயே செய்யவில்லையா? ஆட்டத்தைக் காவல் காக்கும் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இந்தக் கேள்விக்கும், கடிதத்தை எப்படி எழுதுவது என்பதற்கும் பதில் கிடைக்கும்.

ஆட்டத்தோடு சேர்ந்தே நம் கணினியில் ஒரு ஆன்டி-சீட் நிரல் ஓடும். ஒருவர் நேர்மையாக ஆடுகிறாரா என்று அதற்குத் தெரியாது. அது பார்ப்பதெல்லாம் தடயங்களைத்தான். கணினியின் நினைவகத்தில் தெரிந்த ஏமாற்று மென்பொருளின் அடையாளம் ஏதும் இருக்கிறதா, ஆட்டத்தின் கோப்புகளில் யாராவது கைவைத்திருக்கிறார்களா, விசைப்பலகைக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் வேறு ஏதாவது நிரல் உட்கார்ந்திருக்கிறதா என்று துழாவும். தடயம் கிடைத்தால் குறித்துக்கொள்ளும். தடயத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் எந்த ஏற்பாட்டிலும் அப்பாவிகள் சிலர் மாட்டத்தான் செய்வார்கள்.

2023 அக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். ஏ.எம்.டி. நிறுவனம் தன் கிராஃபிக்ஸ் அட்டைகளுக்கான டிரைவரில் ஆன்டி-லேக் பிளஸ் என்ற புது வசதியைக் கொடுத்தது. விசையைத் தட்டுவதற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையிலான தாமதத்தைக் குறைப்பது அதன் வேலை. அதற்காக அது ஆட்டத்தின் நிரலுக்குள்ளேயே புகுந்து சில செயல்களைத் தன் வழியாகத் திருப்பிவிட்டது. ஏமாற்று மென்பொருள்கள் செய்வதும் இதே காரியம்தான். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடியவர்கள் அந்த வசதியை இயக்கியதும் தடை விழத் தொடங்கியது. ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், ‘அதை இயக்காதீர்கள்’ என்று பகிரங்கமாக எச்சரித்தது. ஏ.எம்.டி. அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது. பாதிக்கப்பட்டவர்களின் தடை பிறகு நீக்கப்பட்டது. அவர்கள் செய்ததெல்லாம், கிராஃபிக்ஸ் அட்டை தயாரித்த கம்பெனியே கொடுத்த ஒரு பொத்தானை அழுத்தியதுதான்.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் வேடிக்கை. கால் ஆஃப் டியூட்டி ஆட்டத்தின் காவல் நிரலான ரிகோஷே, நினைவகத்தில் சில குறிப்பிட்ட ஆங்கிலச் சொற்களைத் தேடுகிறது என்று ஒரு ஹேக்கர் கண்டுபிடித்துவிட்டார். ‘டிரிகர் பாட்’ என்பது அவற்றில் ஒன்று. தானாகச் சுடும் ஏமாற்று நிரலுக்கு வழங்கும் பெயர் அது. அந்தச் சொல்லை அவர் மற்ற ஆட்டக்காரர்களுக்குச் செய்தியாக அனுப்பினார். செய்தி வந்தால் அது பெறுபவரின் கணினி நினைவகத்தில் ஏறித்தானே ஆகவேண்டும்? காவல் நிரல் துழாவியது, சொல்லைக் கண்டது, தடை போட்டது. 2024 அக்டோபரில் ஆக்டிவிஷன் நிறுவனம் இந்த ஓட்டையை அடைத்துவிட்டதாக அறிவித்தது. நேர்மையாக ஆடிய சிலர் இதனால் தடை வாங்கியதையும் ஒப்புக்கொண்டது.

ஆக, ‘சிஸ்டம் சொல்லிவிட்டது, அப்படியென்றால் நீ ஏதோ பண்ணியிருப்பாய்’ என்ற வாதம் நிற்காது. அதேபோல் ‘நான் ஒன்றும் பண்ணவில்லை, சிஸ்டம் தப்பு’ என்று மட்டும் எழுதினாலும் நிற்காது. மாட்டிய ஏமாற்றுக்காரர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள், அதே சத்தியங்களோடு. கடிதத்தைப் படிப்பவருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க ஏதாவது கொடுத்தாக வேண்டும்.

அதனால் பேனாவை எடுப்பதற்கு முன், தன் கணினியில் எது சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும் என்று அவனே தேடவேண்டியிருந்தது. விண்டோஸ் அமைப்புகளில் `Installed apps` என்ற பட்டியல் இருக்கிறது. அதைத் தேதிவாரியாக அடுக்கலாம். டாஸ்க் மேனேஜரில் `Startup apps` என்ற பக்கம், கணினி தொடங்கும்போதே தானாக எழும் நிரல்களைக் காட்டும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: தடை விழுந்த நாளை மட்டும் பார்த்தால் போதாது. பல நிறுவனங்கள் தடயம் கிடைத்த உடனே தண்டிப்பதில்லை. சில நாளோ வாரமோ காத்திருந்து, மாட்டியவர்களை மொத்தமாகத் தடை செய்வார்கள். எது பிடிபட்டது என்று ஏமாற்று மென்பொருள் விற்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக இந்தத் தாமதம். ஆகவே, குறைந்தது ஒரு மாதம் பின்னால் போய்ப் பார்க்கவேண்டும்.

அவன் பட்டியலில் பிப்ரவரி 11 தேதியிட்டு ஒன்று இருந்தது: ஆட்டோஹாட்கீ. விசைப்பலகை வேலைகளைச் சுருக்கித்தரும் இலவச மென்பொருள். மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கும்போது ஒரே சொற்களைத் திரும்பத் திரும்ப அடித்துக் கை வலித்ததால் வகுப்புத் தோழன் ஒருவன் சொல்லி நிறுவியிருக்கிறான். அவன் எழுதிய ஸ்கிரிப்ட் மொத்தமும் இவ்வளவுதான்:

```
::vmt::voltmeter
::amt::ammeter
::tfr::transformer
```

vmt என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் voltmeter என்று விழும். ரிப்போர்ட் முடிந்து, கொடுத்தும் ஆகிவிட்டது. ஆனால், கணினி தொடங்கும்போதே எழும்படி வைத்திருந்ததால் அது தினமும் பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, ஆட்டம் ஆடும்போதும்.

இதில் காவல் நிரலுக்கு என்ன சந்தேகம்? vmt எப்போது வருகிறது என்று தெரியவேண்டுமானால், அந்த மென்பொருள் தட்டப்படும் ஒவ்வொரு விசையையும் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். விசைகளைத் தானே தட்டவும் வேண்டும். இதே மென்பொருளில்தான் வேறு சிலர், துப்பாக்கி சுடும்போது மேலே எகிறுவதைச் சரிக்கட்ட மவுஸைத் தானாகக் கீழே இழுக்கும் ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். அது சந்தேகமில்லாத ஏமாற்று. சில ஆட்டங்கள் இந்த மென்பொருள் ஓடுவதைக் கண்டாலே திறக்க மறுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மின்னியல் மாணவனின் வோல்ட்மீட்டரும் ஏமாற்றுக்காரனின் மவுஸ் இழுப்பும் ஒரே பெயரில், ஒரே மாதிரிதான் தெரியும்.

இதைக் கடிதத்தில் சொல்வதா வேண்டாமா என்பதில் வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடந்தது.

“மாமா, அதைச் சொன்னா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். பசங்க எல்லாரும் சொல்லாதன்னுதான் சொல்றாங்க.”

“அவங்க கையில இருக்கிற பதிவுல அந்தப் பேருதான் இருக்கும்னு வையி. நீ சொல்லாம விட்டா என்ன நினைப்பாங்க?”

“மறைக்கிறான்னு நினைப்பாங்க.”

“அப்ப நீயே சொல்லிரு. ஸ்கிரிப்டையும் சேர்த்து அனுப்பு.”

இதை நான் தைரியத்துக்காகச் சொல்லவில்லை. மேல்முறையீட்டில் படிப்பவரின் கையில் ஒரு பதிவு இருக்கிறது, எழுதுபவர் அதைப் பார்க்கமுடியாது. அந்தப் பதிவில் உள்ளதற்கு ஒரு விளக்கம் கடிதத்தில் ஏற்கெனவே இருந்தால்தான், இரண்டையும் ஒப்பிட்டு ‘ஆமாம், பொருந்துகிறது’ என்று அவரால் சொல்லமுடியும். மறைத்து எழுதிய கடிதத்தை எதோடும் ஒப்பிட முடியாது. ஒன்றுமே கிடைக்காத நிலையில், இதுவாக இருக்குமோ அதுவாக இருக்குமோ என்று பத்துக் காரணங்களை ஊகித்து எழுதுவதும் தவறு. தேடிப் பார்த்தேன், இன்னின்னவைதான் ஓடின என்று பட்டியலை மட்டும் கொடுக்கலாம்.

கடைசியில் அவன் அனுப்பிய கடிதம் ஆங்கிலத்தில். முதலில் தமிழில் எழுதி, பிறகு மாற்றினோம். அந்தத் தமிழ் வடிவம் இதோ:

*பொருள்: நிரந்தரத் தடை குறித்து மேல்முறையீடு, பணியாளர் மறுஆய்வு வேண்டி*

*வணக்கம். மார்ச் 2 அன்று இந்திய நேரம் மாலை 7.40க்கு (14:10 UTC) என் கணக்கு நிரந்தரமாக நிறுத்தப்பட்டதாகச் செய்தி வந்தது. காட்டப்பட்ட காரணம்: அனுமதியில்லாத வெளி மென்பொருள். பயனர் பெயர், கணக்கு எண், பதிவு செய்த மின்னஞ்சல் ஆகியவை கீழே உள்ளன. இந்தக் கணக்குக்கு இதற்கு முன் எந்தத் தண்டனையும் விதிக்கப்பட்டதில்லை.*

*ஆட்டத்தில் சாதகம் தரும் எந்த மென்பொருளையும் நான் பயன்படுத்தவில்லை.*

*தடைக்குக் காரணமாக இருந்திருக்கக்கூடிய ஒன்று என் கணினியில் இருந்தது. பிப்ரவரி 11 அன்று கல்லூரி அறிக்கை தட்டச்சு செய்வதற்காக ஆட்டோஹாட்கீ நிறுவினேன். கணினி தொடங்கும்போதே ஓடும்படி வைத்திருந்ததால், ஆட்டம் ஆடும்போதும் அது பின்னணியில் ஓடியது. அதில் இருந்த ஒரே ஸ்கிரிப்டை முழுமையாக இணைத்துள்ளேன். மூன்று சுருக்கங்களைச் சொற்களாக விரிப்பது தவிர அது எதுவும் செய்யாது, மவுஸை அசைக்காது. இப்போது அதை நிறுத்திவிட்டேன். கோப்பை அழிக்கவில்லை.*

*பிப்ரவரி 11க்கு முன்னும் பின்னும் என் சுடும் துல்லியமும் தரநிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதை உங்கள் பதிவிலேயே பார்க்கலாம்.*

*கணக்கை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. ஜனவரி 16 அன்று பொங்கல் விடுமுறையில் கோவில்பட்டியில் ஒரு கேமிங் சென்டரில் ஒருமுறை உள்நுழைந்தேன். மற்றபடி என் லேப்டாப்பில் மட்டுமே ஆடியிருக்கிறேன்.*

*பிப்ரவரி 11 முதல் மார்ச் 2 வரையிலான பதிவை ஒரு பணியாளர் பார்த்து இந்தத் தடையை மறுஆய்வு செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தடை தொடரும் என்றால், அது கணினியில் ஓடிய நிரலுக்காகவா, ஆட்டத்தில் நான் நடந்துகொண்ட விதத்துக்காகவா என்பதை மட்டுமாவது தெரிவிக்கவும்.*

*இணைப்பு: தடைச் செய்தியின் படம், ஸ்கிரிப்ட் கோப்பு, DxDiag.txt, முதல் மற்றும் கடைசிக் கட்டணத்தின் ரசீதுகள்.*

ஆறு வருஷம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். ‘இதற்கு முன் எந்தத் தண்டனையும் விதிக்கப்பட்டதில்லை’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் போயிற்று. இதைச் சுருக்கச் சொன்னபோது பையனுக்கு என் மேல் கோபம்தான். ஆனால் நெடுநாள் ஆடியது நேர்மைக்குச் சான்று ஆகாது. பழைய கணக்குகளை விலைக்கு வாங்கி, அதில் ஹேக் போட்டு ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். முந்தைய தண்டனை இல்லை என்பது படிப்பவர் ஒரு சொடுக்கில் சரிபார்க்கக்கூடிய உண்மை. இழப்பின் வலி அப்படிச் சரிபார்க்க முடியாதது.

கடிதத்தில் கனமான வாதம், துல்லியம் பற்றிய அந்த இரண்டு வரிதான் என்பது என் எண்ணம். ஏமாற்று மென்பொருள் போட்டவனுக்கு அன்றிலிருந்து குறி தப்பாது; தரநிலை திடீரென்று ஏறும். இவனுக்கோ மென்பொருள் வந்த பிறகும் அதே சறுக்கல், அதே தோல்விகள். சொல்லப்போனால் பிப்ரவரி கடைசியில் இரண்டு படி இறங்கியிருந்தான். கடிதத்தில் அதைப் போட வெட்கப்பட்டான். எந்த நிறுவனமும் ஒவ்வொரு ஆட்டத்தின் கணக்கையும் வைத்திருக்கும். தன்னிடம் இல்லாத ஆதாரத்தைத் தேடி அலைவதைவிட, எதிராளியிடம் ஏற்கெனவே இருக்கும் ஆதாரத்தைச் சுட்டிக்காட்டுவது எளிது, நம்பகமும் கூட.

நேரத்தை 14:10 UTC என்று போட்டதும் அதே காரணத்துக்காகத்தான். சர்வர்களின் பதிவேடுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இந்திய நேரத்தை மட்டும் போட்டால், வேறு நாட்டில் உட்கார்ந்து படிப்பவர் பதிவேட்டில் தப்பான இடத்தைத் தேடக்கூடும்.

`DxDiag.txt` என்பதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். விண்டோஸில் `dxdiag` என்று தட்டி, திறக்கும் பெட்டியில் `Save All Information` பொத்தானை அழுத்தினால் கணினியின் கிராஃபிக்ஸ் அட்டை, டிரைவர் பதிப்பு, இணைக்கப்பட்ட கருவிகள் எல்லாவற்றையும் ஓர் உரைக்கோப்பாகச் சேமித்துத் தரும். ஏ.எம்.டி. விவகாரம் போன்ற ஒன்றாக இருந்தால் அதிலிருந்தே தெரிந்துவிடும். ரசீதுகள் இணைத்தது பணத்தைக் கேட்பதற்கு அல்ல. கணக்கு நம்முடையதுதான் என்று காட்டுவதற்கு. முதல் ரசீது நமக்குத்தான் இருக்கும். கணக்கைத் திருடியவரிடமோ வாங்கியவரிடமோ அது இருக்காது.

கேமிங் சென்டர் விஷயத்தைச் சொன்னதற்கும் ஒரு நியாயம் உண்டு. அங்கே உள்ள கணினியில் முந்தைய ஆள் எதை நிறுவிவிட்டுப் போனான் என்று யாருக்குத் தெரியும்? ஒருவேளை தடயம் அங்கிருந்து வந்திருந்தால், தேதியும் இடமும் கடிதத்தில் இருப்பது உதவும்.

அனுப்பியாயிற்று. சில நாள் கழித்து வந்த பதில், ‘உங்கள் கணக்கைப் பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை’ என்ற அச்சு வாசகம். பெயர்கூட இல்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். கோபத்தில் புதுப்புது டிக்கெட்டாகப் போடுகிறார்கள். அவை பழையதோடு சேர்க்கப்பட்டோ, மறுபடி வந்த ஒரே புகார் என்று மூடப்பட்டோ போகும். சிலர் வங்கியைக் கூப்பிட்டு, செலுத்திய பணத்தைத் திரும்பப் பெறும் வேலையில் இறங்குகிறார்கள். அப்படிப் பணம் திரும்பப்போனால் அதுவே கணக்கை மூடத் தனிக் காரணம் ஆகிவிடும். அப்புறம் முதல் தடை தப்பானது என்று நிரூபித்தாலும் பயனில்லை. இன்னும் சிலர் புதுக் கணக்கு தொடங்கி ஆடுகிறார்கள். தடையை ஏய்த்ததாக அதற்கும் தடை வரும். கணினியையே அடையாளம் கண்டு தடுக்கும் ஆட்டங்களும் உண்டு.

அவன் அதே டிக்கெட்டில் மூன்று வரி எழுதினான். நான் இணைத்த ஸ்கிரிப்ட் கோப்பு பார்க்கப்பட்டதா? இது நிரலைக் கண்டதால் வந்த தடை என்றால், ஆன்டி-சீட் பிரிவுக்கு இதை அனுப்பமுடியுமா? வேறு ஏதும் கோப்பு வேண்டுமானால் தருகிறேன். வசவு இல்லை, புதுக் கதை இல்லை. முதலில் படிப்பவருக்குப் பெரும்பாலும் தடையை நீக்கும் அதிகாரமே இருக்காது. மேலே அனுப்பத்தான் முடியும். அதைச் செய்ய அவருக்கு ஒரு சாக்கு வேண்டும். பதில் சொல்லப்படாத ஒரு குறிப்பான கேள்வி நல்ல சாக்கு.

மார்ச் கடைசி வாரத்தில் பதில் வந்தது. மறுஆய்வுக்குப் பிறகு தடை நீக்கப்பட்டது, எப்படிக் கண்டறிகிறோம் என்ற விவரத்தைப் பகிர இயலாது. இரண்டே வாக்கியம். மன்னிப்பு இல்லை. ஸ்கின்களும் நண்பர்கள் பட்டியலும் அப்படியே இருந்தன. ஆனால் அந்தப் பருவத்தின் தரப்பட்டியல் அதற்குள் முடிந்துபோயிருந்தது, கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் அவன் இடத்தில் வேறொருவன் ஆடி முடித்திருந்தான்.

எல்லாக் கடிதத்துக்கும் இந்தப் பலன் கிடைக்காது. கடிதமே செல்லாத இடங்களும் உண்டு. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் தளத்தில் வி.ஏ.சி. என்ற காவல் நிரல் போட்ட தடையை உதவிப் பிரிவால் நீக்கவே முடியாது என்பது அவர்களுடைய எழுதிவைத்த விதி. தடை தவறு என்று தெரிந்தால் அவர்களே தானாக நீக்குவார்கள். 2010 ஜூலையில் அப்படி நடந்தது. ஆட்டத்தைப் புதுப்பிக்கும்போது வட்டில் இருந்த கோப்புக்கும் நினைவகத்தில் இருந்த நகலுக்கும் பொருத்தம் இல்லாமல் போய், இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 12,000 பேருக்குத் தவறான தடை விழுந்தது. நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் கைப்பட மன்னிப்பு மின்னஞ்சல் அனுப்பி, ஆளுக்கு ஓர் ஆட்டத்தை இலவசமாகவும் கொடுத்தார், நண்பருக்குப் பரிசளிக்க இன்னொரு பிரதியோடு. அங்கே தனி ஆளின் கடிதத்தைவிட, ‘எனக்கும் இதே நாளில் விழுந்தது’ என்று பலர் ஒரே தகவலைச் சொல்வதுதான் எடுபடும்.

சட்டம் என்ன சொல்கிறது? முதலில் ஒரு கசப்பான விஷயம்: அந்தக் கணக்கு நம் சொத்து அல்ல. ‘ஏற்கிறேன்’ என்று நாம் படிக்காமல் அழுத்திய ஒப்பந்தத்தில், எல்லாமே பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று இருக்கும். காசு கொடுத்து வாங்கிய ஸ்கின்னுக்கும் இதுதான். ஆனாலும் நுகர்வோர் என்ற உரிமை அதனால் போய்விடாது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். இந்தியர்களுக்கு முறையாக விற்பனை செய்யும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்கின்றன அவை. நிறுவனம் வாயே திறக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். செலுத்திய பணம் பற்றிப் பேச அது சரியான இடம். இழந்த தரநிலையை நுகர்வோர் ஆணையம் மீட்டுத்தரும் என்று நான் நம்பவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்கே 2024 பிப்ரவரியிலிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம், இணையத் தளங்கள் ஒருவரின் கணக்கை நிறுத்தினால் காரணத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்கிறது. மேல்முறையீட்டை இயந்திரத்திடம் மட்டும் விட்டுவிடக்கூடாது என்றும் சொல்கிறது. காவல் நிரலின் ரகசியத்தை வெளியே சொல்லமுடியாது என்ற நிறுவனங்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், ‘உன் கணினியில் ஒரு நிரலைக் கண்டோம்’, ‘உன் ஆட்டம் சந்தேகமாக இருந்தது’, ‘உன் பணம் திரும்பிப்போயிற்று’ என்ற மூன்றில் எது என்று சொல்வதால் எந்த ரகசியமும் உடைந்துவிடாது. அதைக்கூடச் சொல்லாமல் ஒருவரை மேல்முறையீடு செய்யச் சொல்வது, குற்றச்சாட்டைச் சொல்லாமல் பதில்மனு கேட்பதுதான். நம் விதிகளிலும் இது வரவேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒன்று நேர்ந்தால் இன்னொன்றையும் உடனே சொல்லிவையுங்கள். தடை விழுந்த செய்தியை வெளியே சொன்ன சில மணி நேரத்தில், ‘கம்பெனியில் ஆள் இருக்கிறார், ஆயிரம் ரூபாய் கொடுத்தால் திறந்துவிடுவார்’ என்று டெலிகிராமில் யாராவது வருவார்கள். பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் கேட்பார்கள். தடையை நீக்க அவர்களால் முடியாது. கொடுத்தால் பணமும் போகும், கணக்கும் போகும், ‘கணக்கை நான் யாருக்கும் கொடுத்ததில்லை’ என்று கடிதத்தில் எழுதும் தகுதியும் போகும்.